கணவர் காணாமல் போனால் மனைவி காத்திருக்க வேண்டியது 4 ஆண்டா, 58 ஆண்டா? மத்ஹப்கள் எங்கே பிரிகின்றன, முஸ்லிம்கள் எதைப் பின்பற்றுகிறார்கள்

தொழுகை நேரம் காட்டும் ஆப் ஒன்றை போனில் போட்டால், செட்டிங்ஸில் ஒரு கேள்வி இருக்கும்: அஸர் நேரத்தை ஹனஃபி முறையில் கணக்கிடுவதா, ஷாஃபி முறையில் கணக்கிடுவதா? நண்பகலில் இருக்கும் நிழலைக் கழித்துவிட்டுப் பார்த்தால், ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்தை எட்டும்போதே அஸர் வந்துவிடுகிறது என்பது ஷாஃபி கணக்கு. நிழல் இரண்டு மடங்காக வேண்டும் என்பது ஹனஃபி கணக்கு. இரண்டுக்கும் நடுவே சுமார் ஒரு மணி நேரம் வித்தியாசம் வரும்.

இந்த ஒரு மணி நேரத்தால் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை. ஆனால் இதே மாதிரியான கருத்து வேறுபாடு திருமண விஷயத்தில் வந்தால்? ஒரு பெண்ணின் முழு வாழ்க்கையும் அதில் மாட்டிக்கொள்ளலாம். இந்தியாவில் அப்படி நடந்திருக்கிறது. அந்தச் சிக்கலை உலமாக்கள் அவிழ்த்த விதத்தைப் பார்த்தால், மத்ஹப் என்பது எப்படி வேலை செய்கிறது என்பது புரிந்துவிடும்.

மத்ஹப் என்றால் என்ன?

குர்ஆனையும் நபிமொழிகளையும் வைத்துச் சட்டம் காணும் வழிமுறையே மத்ஹப். சுன்னி முஸ்லிம்களிடம் இன்று நான்கு இருக்கின்றன. இமாம் அபூ ஹனீஃபா (மறைவு 767), இமாம் மாலிக் (795), இமாம் ஷாஃபி (820), இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (855) ஆகியோரின் பெயரால் அவை வழங்குகின்றன. ஷியாக்களின் பெரும் பிரிவு ஜஅஃபரி சட்டத்தைப் பின்பற்றுகிறது.

வட இந்தியாவில் பெரும்பாலும் ஹனஃபி, கேரளத்தில் பெரும்பாலும் ஷாஃபி. தமிழ்நாட்டில் இரண்டும் உண்டு. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் ஷாஃபி அதிகம். உள்மாவட்டங்களில் ஹனஃபி அதிகம். கடல் வழியாக அரபு வணிகர்களோடு வந்தது ஒன்று, மத்திய ஆசியாவிலிருந்து தரை வழியாக வந்தது இன்னொன்று.

ஒரே குர்ஆன்தானே, அப்புறம் ஏன் வேறுபாடு?

ஒரு உதாரணம் பார்ப்போம். தலாக் சொல்லப்பட்ட பெண் மறுமணம் செய்வதற்கு முன் மூன்று 'குரூ' காத்திருக்க வேண்டும் என்கிறது குர்ஆன் (2:228). அந்த அரபுச் சொல்லுக்கு மாதவிடாய் என்றும் பொருள் உண்டு, இரண்டு மாதவிடாய்களுக்கு இடைப்பட்ட சுத்தமான காலம் என்றும் பொருள் உண்டு. ஹனஃபிகள் முதல் பொருளை எடுத்தார்கள், ஷாஃபிகளும் மாலிக்கிகளும் இரண்டாவதை எடுத்தார்கள். வசனம் மாறவில்லை, ஆனால் இத்தா முடியும் நாள் மாறிவிடுகிறது.

வசனமே நேரடியாக இல்லாத விஷயங்களில் இடைவெளி இன்னும் பெரிதாகும். காணாமல் போன கணவர் அப்படி ஒரு விஷயம்.

58 ஆண்டு எப்படி வருகிறது?

ஒரு கணக்குக்காக, கணவருக்கு 32 வயது, மனைவிக்கு 27 என்று வைத்துக்கொள்வோம். வேலைக்குப் போன கணவர் திரும்பவில்லை. இருக்கிறாரா, இல்லையா என்பதே தெரியாது.

ஹனஃபி சட்டம் ஒரு பொதுவான விதியிலிருந்து தொடங்குகிறது: உறுதியாகத் தெரிந்த ஒன்று வெறும் சந்தேகத்தால் நீங்காது. அவர் உயிரோடு இருந்தது உறுதி, இறந்தது சந்தேகம். ஆகவே அவரது வயதையொத்தவர்கள் எல்லாம் இறக்கும் காலம்வரை அவர் உயிரோடு இருப்பதாகவே கொள்ள வேண்டும். அது எத்தனை வயது? சட்ட அறிஞர்கள் பல எண்களைச் சொன்னார்கள். பரவலாக எடுத்துக்கொள்ளப்பட்டது 90. நம் கணக்கில் அதற்கு இன்னும் 58 ஆண்டு இருக்கிறது. மனைவிக்கு அப்போது 85 வயதாகியிருக்கும்.

கேட்க கொடூரமாக இருந்தாலும் இந்த விதிக்கு ஒரு நியாயம் இருந்தது. காணாமல் போனவரின் சொத்தை வாரிசுகள் அவசரமாகப் பங்கு போட்டுவிடக் கூடாது, அவர் திரும்பி வந்தால் எல்லாம் அவருக்கு இருக்க வேண்டும். சொத்துக்குப் பொருந்திய அந்தப் பாதுகாப்பு மனைவிக்கும் அப்படியே பொருத்தப்பட்டதுதான் சிக்கல்.

மாலிக்கி சட்டம் மனைவிக்கு நேரும் பாதிப்பிலிருந்து தொடங்குகிறது. இரண்டாம் கலீஃபா உமர் இப்படி ஒரு வழக்கில் நான்கு ஆண்டு என்று தீர்ப்பளித்ததாக வரும் செய்தி அதற்கு ஆதாரம். மனைவி காஜியிடம் முறையிட வேண்டும். காஜி விசாரித்துத் தேட வேண்டும். தகவல் கிடைக்காவிட்டால் நான்கு ஆண்டு கெடு. அதன்பின் கணவரை இழந்தவருக்கான இத்தா, அதாவது 4 மாதம் 10 நாள். பிறகு அவர் மறுமணம் செய்யலாம். கணவர் போன ஓராண்டில் முறையிட்டிருந்தால், 32 அல்லது 33 வயதில் விடுதலை.

ஷாஃபி மத்ஹபுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. இமாம் ஷாஃபி முதலில் நான்கு ஆண்டு என்றார்; பின்னாளில், இறந்தது உறுதியாகும்வரை காத்திருக்க வேண்டும் என்று மாற்றிக்கொண்டார். ஆக ஒரு மத்ஹபுக்குள் எல்லாரும் ஒரே குரலில் பேசுவதும் இல்லை.

பஞ்சாபில் வெடித்த சிக்கல்

காணாமல் போனவர்களின் மனைவிகள் மட்டும் சிக்கவில்லை. சோறு போடாத, அடிக்கிற, விட்டுவிட்டுப் போன கணவரிடமிருந்தும் ஹனஃபி சட்டப்படி நீதிமன்றம் வழியாக விடுபடுவது கிட்டத்தட்ட முடியாது. ஆனால் அதே சட்டத்தில் ஒரு கதவு திறந்திருந்தது: தம்பதியில் ஒருவர் இஸ்லாத்தை விட்டு வெளியேறினால் திருமணம் உடனே முறியும். பிரிட்டிஷ் இந்தியாவின் நீதிமன்றங்களும் அதை ஏற்றன. பஞ்சாபில் பெண்கள் மதம் மாறி விடுதலை பெறத் தொடங்கினார்கள். கவிஞர் முஹம்மது இக்பால் தன் சொற்பொழிவுகளில் இதைக் குறிப்பிட்டுக் கேள்வி எழுப்பியிருக்கிறார்.

பதில் வந்தது ஹனஃபி உலமாக்களின் உள்ளிருந்தே. தேவ்பந்த் மரபின் பெரிய அறிஞர் மௌலானா அஷ்ரஃப் அலி தானவி, மதீனாவின் மாலிக்கி அறிஞர்களிடம் கேள்விகள் அனுப்பிப் பதில் வாங்கினார். 1930-களின் தொடக்கத்தில் அவற்றோடு 'அல்-ஹீலத்துன் நாஜிஸா' என்ற நூலை வெளியிட்டார். அதன் சாரம்: தாங்க முடியாத நெருக்கடி இருப்பதால், இந்த விஷயத்தில் ஹனஃபிப் பெண்களுக்கு மாலிக்கி சட்டப்படி தீர்ப்பளிக்கலாம். கூடவே, மதம் மாறுவதால் திருமணம் முறியாது என்ற நிலைப்பாட்டையும் அது எடுத்தது.

மத்திய சட்டசபையில் காஜி முஹம்மது அஹ்மத் காஸ்மி 1936-ல் மசோதா கொண்டுவந்தார். அது 1939-ல் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டமாகி, இன்றும் அமலில் இருக்கிறது. எந்த மத்ஹபைச் சேர்ந்த பெண்ணும் இதில் வழக்குப் போடலாம்.

சட்டத்தில் என்ன இருக்கிறது?

கணவர் இருக்குமிடம் நான்கு ஆண்டு தெரியாமல் இருந்தால் அது ஒரு காரணம். மாலிக்கி முறையில் நான்கு ஆண்டு காஜியின் உத்தரவுக்குப் பிறகு ஓடும். இந்தச் சட்டத்தில் வழக்குப் போடும் முன்பே அது முடிந்திருக்க வேண்டும். கணவரின் வாரிசுகளுக்கு நோட்டீஸ் போகும். தீர்ப்பு வந்த பிறகும் ஆறு மாதம் அது அமலுக்கு வராது. அதற்குள் கணவர் வந்து, இல்லறக் கடமைகளைச் செய்யத் தயார் என்று நீதிமன்றத்தைத் திருப்திப்படுத்தினால் தீர்ப்பு ரத்தாகும்.

பலருக்குத் தெரியாத ஒன்று: இரண்டு ஆண்டு ஜீவனாம்சம் தராததும் தனிக் காரணம்தான். காணாமல் போனவர் பணமும் அனுப்பவில்லை என்றால் நான்கு ஆண்டு முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இந்தக் காரணத்துக்கு ஆறு மாதத் தடையும் கிடையாது.

ஆனால் உலமாக்கள் கேட்ட ஒன்று சட்டத்தில் இடம்பெறவில்லை. முஸ்லிம் நீதிபதிதான் இந்த வழக்குகளைத் தீர்க்க வேண்டும் என்ற பிரிவை சட்டசபை நீக்கிவிட்டது. அதனால் நீதிமன்றத் தீர்ப்பு மட்டும் மார்க்கப்படி போதாது என்று கருதும் உலமாக்கள் இன்றும் உண்டு. கோர்ட் தீர்ப்பு கையில் இருக்கும் பெண்ணும் தாருல் கஜாவுக்கோ, ஊர் ஜமாஅத்துக்கோ ஏன் போகிறார் என்பதற்குப் பதில் இதில்தான் இருக்கிறது.

அப்போ ஒரு சாதாரண முஸ்லிம் எப்படித் தேர்வு செய்கிறார்?

உண்மையில் பெரும்பாலானவர்கள் தேர்வு செய்வதே இல்லை. பெற்றோரின் மத்ஹப், தெருப் பள்ளிவாசலின் மத்ஹப், அவ்வளவுதான். சந்தேகம் வந்தால் ஹஜ்ரத்திடம் கேட்பார்கள். பெரிய விஷயமென்றால் முஃப்தியிடம் எழுதிக் கேட்பார்கள், அவர் எழுத்தில் தரும் பதில்தான் ஃபத்வா. தமிழ்நாட்டில் தவ்ஹீத் இயக்கத்தினர் மத்ஹபே தேவையில்லை, குர்ஆனும் ஹதீஸும் போதும் என்கிறார்கள். நடைமுறையில் அவர்களும் தங்கள் அறிஞர்கள் சொல்லும் விளக்கத்தைத்தான் பின்பற்றுகிறார்கள்.

வேறு மத்ஹபின் கருத்தை எடுக்கவே கூடாதா? எடுக்கலாம், ஆனால் வசதியானதை மட்டும் பொறுக்கி எடுக்கக் கூடாது என்பது மத்ஹப் அறிஞர்களின் பொதுவான நிலை. அவர்கள் சொல்லும் பழைய உதாரணம் இது. ரத்தம் வழிந்தால் ஹனஃபிப்படி ஒளு முறியும், ஷாஃபிப்படி முறியாது. மனைவியைத் தொட்டால் ஷாஃபிப்படி முறியும், ஹனஃபிப்படி முறியாது. ஒருவருக்கு இரண்டும் நடந்தது. ரத்தத்துக்கு ஷாஃபி, தொட்டதற்கு ஹனஃபி என்று சொல்லி அப்படியே தொழுகிறார். இரண்டு இமாம்களில் யாரிடம் கேட்டாலும் அந்தத் தொழுகை கூடாது. இப்படிக் கலப்பதற்கு 'தல்ஃபீக்' என்று பெயர்.

தானவி செய்தது அதுவல்ல. நெருக்கடியைக் காட்டினார், மாலிக்கி அறிஞர்களிடமே கேட்டார், அந்தச் சட்டத்தை அதன் நிபந்தனைகளோடு எடுத்தார். நான்கு ஆண்டை எடுத்துக்கொண்டு காஜியின் விசாரணையை விட்டுவிடவில்லை.

ஆன்லைனில் ஃபத்வா தேடுபவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான். 'நான்கு ஆண்டு போதும்' என்ற ஒரு வரியைப் படித்துவிட்டு, நான்கு ஆண்டு முடிந்ததும் திருமணம் தானாகவே முறிந்துவிட்டதாக நினைத்துவிடுகிறார்கள். மாலிக்கி சட்டப்படியும் அது முறியவில்லை, காஜியின் உத்தரவு வேண்டும். 1939 சட்டப்படியும் முறியவில்லை, தீர்ப்பு வேண்டும். ஃபத்வாவுக்குச் சட்ட வலிமை இல்லை, யாரையும் அது கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. இந்த நிலையில் மறுமணம் செய்தால் பழைய திருமணம் சட்டத்தின் கண்ணில் அப்படியே நிற்கும்.

ஆகவே கையில் ஒரு ஃபத்வா கிடைத்தால் மூன்று விஷயங்களைப் பாருங்கள். எந்த மத்ஹபின்படி சொல்லப்பட்டது? அதற்கு யார் விசாரணை, யார் உத்தரவு நிபந்தனையாக இருக்கிறது? கேட்டவரின் நிலைமையும் உங்கள் நிலைமையும் ஒன்றா? காணாமல் போனவரின் மனைவி என்றால், நான்காவதாக ஒரு கேள்வியை ஹஜ்ரத்திடம் அல்ல, வக்கீலிடம் கேட்க வேண்டும்: ஜீவனாம்சம் வந்து எத்தனை நாள் ஆகிறது, இரண்டு ஆண்டு ஆகிவிட்டதா?