உளப்பாட்டுத் தன்மைப் பன்மை

கேட்பவரையும் சேர்த்துச் சொல்லும் தன்மைப் பன்மை ‘நாம்’. அவரை விலக்குவது ‘நாங்கள்’. “நாங்கள் படத்துக்குப் போகிறோம்” என்றால் கேட்பவருக்கு டிக்கெட் இல்லை. வேற்றுமை உருபு ஏற்கும்போது இவை ‘நம்’, ‘எங்கள்’ என்றாகும்: நம் தெரு, எங்கள் தெரு.

இன்றைய வினைமுற்று இந்த வேறுபாட்டைக் காட்டாது. இரண்டுக்கும் ‘ஓம்’ விகுதிதான். எழுவாய் இல்லாத “வந்தோம்” என்பதில் கேட்பவர் உண்டா என்பதை இடம் நோக்கியே அறிய வேண்டும். பழந்தமிழில் வினையே சொல்லிவிடும். நன்னூல்படி அம், ஆம் முன்னிலையாரை உளப்படுத்தும். எம், ஏம், ஓம் படர்க்கையாரை உளப்படுத்தும். ஆகவே ‘உண்டனம்’ என்றால் நீயும் நானும் உண்டோம். ‘உண்டனெம்’ என்றால் அவரும் நானும். தேர்வில் பலர் சறுக்குவது ‘ஓம்’ விகுதியில்: நன்னூலில் அது படர்க்கைக்கு உரியது, இக்கால வழக்கில் பொது.