மூன்று முறை சலித்த விலை: டிரிக்ஸ் எங்கிருந்து வந்தது, ஏன் மூன்று?

சார்ட் மென்பொருள் எதைத் திறந்தாலும் இண்டிகேட்டர் பட்டியலில் TRIX என்று ஒரு பெயர் இருக்கும். அதைச் சொடுக்கினால் விலைக்குக் கீழே, பூஜ்ஜியத்தைச் சுற்றி வழவழப்பாக ஏறி இறங்கும் ஒரு கோடு வரும். விலையில் இருக்கிற குட்டிக் குட்டி நடுக்கம் எதுவும் அந்தக் கோட்டில் இருக்காது. "மூணு தடவை ஸ்மூத் பண்ணினது, அதனால இரைச்சல் போயிடுது" என்று எல்லோரும் சொல்வார்கள். ஏன் இரண்டு தடவை போதாது, மூன்று தடவை சலித்ததற்கு என்ன விலை கொடுக்கிறோம் என்ற இரண்டு கேள்விகளை மட்டும் இந்தக் குறிப்பில் எடுத்துக்கொள்கிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் வரலாறு.

நீர்மூழ்கியில் தொடங்கி பங்குச் சந்தை வரை

இந்தக் கருவியின் அடிப்படை எக்ஸ்போனென்ஷியல் சராசரி. அது சந்தையில் பிறந்ததல்ல. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படைக்காக வேலை பார்த்த ராபர்ட் ஜி. பிரவுன், நீர்மூழ்கியின் இருப்பிடத்தைத் தொடர்ந்து கணிக்கும் வேலையில் இந்த முறையைக் கையாண்டார். யோசனை எளிமையானது. நேற்றைய மதிப்பீட்டை வைத்துக்கொள், இன்று வந்த புதுத் தகவலுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு சிறு பங்கை மட்டும் அதில் சேர். பழைய தகவல்களை எல்லாம் சேர்த்து வைக்க வேண்டியதில்லை. போருக்குப் பிறகு பிரவுன் இதையே கிடங்குகளில் உதிரிப் பாகங்களின் தேவையைக் கணிக்கப் பயன்படுத்தினார். சரக்கு இருப்புக் கணிப்பு பற்றிய அவருடைய புத்தகம் 1959இல் வந்தது.

சந்தைக்கு இதைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் பீட்டர் ஹார்லன். பாசடீனாவில் இருக்கும் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். 1960களில் இதே சராசரியைப் பங்கு விலைகளுக்குப் போட்டுப் பார்த்தார். கையால் கணக்குப் போட்ட காலம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண 39 நாள் சராசரி போட 39 விலைகளையும் வைத்திருக்க வேண்டும். இந்த முறையில் நேற்றைய ஒரு எண்ணும் இன்றைய விலையும் போதும். ஹார்லன் இதை நாள் கணக்கில் சொல்லாமல் "10 சதவீதப் போக்கு", "5 சதவீதப் போக்கு" என்றே அழைத்தார். புது விலைக்குக் கொடுக்கும் பங்கு எவ்வளவோ, அதுவே பெயர்.

அடுத்த கட்டம் ஜாக் ஹட்சன். சியாட்டிலிலிருந்து 1982இல் தொடங்கிய 'டெக்னிக்கல் அனாலிசிஸ் ஆஃப் ஸ்டாக்ஸ் அண்ட் கமாடிட்டீஸ்' இதழின் ஆசிரியர். 1980களின் தொடக்கத்தில் அந்த இதழில்தான் டிரிக்ஸை அறிமுகப்படுத்தினார். வீட்டுக் கணினி வந்துவிட்டதால் ஒரு சராசரிக்குச் சராசரி, அதற்கும் சராசரி என்று அடுக்குவது அப்போது பெரிய வேலையாக இல்லை. ஹட்சன் விலையின் லாகரிதத்தை எடுத்துக்கொண்டார். இன்றைய மென்பொருள்கள் பெரும்பாலும் நேரடியாக விலையையே எடுத்து, கடைசியில் சதவீதமாக்குகின்றன. தினசரி மாற்றம் சிறிதாக இருக்கும்வரை இரண்டும் ஒரே வடிவத்தைத்தான் தரும்.

```
E1 = EMA(C, 15)
E2 = EMA(E1, 15)
E3 = EMA(E2, 15)
TRIX = 100 * (E3 - E3[1]) / E3[1]
```

15 நாள் என்று வைத்தால் ஒவ்வொரு முறையும் புதுத் தகவலுக்குக் கிடைக்கும் பங்கு 2/16, அதாவது எட்டில் ஒன்று.

ஏன் மூன்று?

கடைசி வரியைப் பாருங்க. அது இன்றைய மதிப்புக்கும் நேற்றைய மதிப்புக்கும் உள்ள வித்தியாசம். இரைச்சல் விஷயத்தில் இதுதான் வில்லன். வித்தியாசம் எடுப்பது எப்போதுமே வேகமான அசைவைப் பெரிதாக்கிக் காட்டும். ஒரே உயரமுள்ள இரண்டு அலைகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று 5 நாளில் ஏறி இறங்கும் வாராந்திர நடுக்கம். மற்றது 60 நாளில் ஏறி இறங்கும் உண்மையான நகர்வு. விலைச் சார்ட்டில் இரண்டும் சமம். ஆனால் தினசரி மாற்றத்தைக் கணக்குப் போட்டால், 5 நாள் அலை 60 நாள் அலையைவிட 11 மடங்கு பெரிதாகத் தெரியும். ஏனென்றால் அதே உயரத்தை அது சில நாட்களிலேயே ஏறி முடிக்கிறது.

இப்போது 15 நாள் சராசரியை ஒரு தடவை போட்டு, பிறகு வித்தியாசம் எடுப்போம். 11 மடங்கு என்பது 1.6 மடங்காகக் குறைகிறது. இன்னும் இரைச்சல்தான் பெரிது. ஒரு தடவை சலித்தது, வித்தியாசம் எடுத்ததால் வந்த சேதத்தைக்கூட முழுசா ஈடுகட்டவில்லை. இரண்டாவது தடவை சலித்தால் இரைச்சல் உண்மையான நகர்வில் கால்வாசிக்குக் கொஞ்சம் கீழே வருகிறது. பரவாயில்லை, ஆனால் கோட்டில் இன்னும் பல் பல்லாகத் தெரியும். மூன்றாவது தடவைக்குப் பிறகு முப்பதில் ஒரு பங்கு. கண்ணுக்கு இரைச்சல் மறைவது இங்கேதான். ஆக, மூன்று என்ற எண்ணில் மந்திரம் எதுவும் இல்லை. முதல் சலிப்பு, கடைசியில் நாமே உண்டாக்கப்போகும் இரைச்சலுக்குச் செலவாகிவிடுகிறது. மற்ற இரண்டும்தான் உண்மையான வேலையைச் செய்கின்றன.

1987 அக்டோபரில் போட்டுப் பார்த்தால்

1987 அக்டோபர் 16, வெள்ளிக்கிழமை, டவ் ஜோன்ஸ் 2246.74இல் முடிந்தது. திங்கள் 19ஆம் தேதி 508 புள்ளி விழுந்து 1738.74. ஒரே நாளில் 22.6 சதவீதம். செவ்வாய் 102.27 ஏறியது, புதன் 186.84 ஏறி 2027.85. இந்த மூன்று நாளின் விளைவை மட்டும் பிரித்துப் பார்க்க, அதற்கு முன் குறியீடு 2246.74இலேயே அசையாமல் நின்றது என்று வைத்துக்கொள்வோம். (உண்மையில் முந்தைய வாரமே நன்றாக இறங்கியிருந்தது. அதனால் அசல் எண்கள் வேறாக இருக்கும்.)

எட்டில் ஒன்றை மூன்று தடவை பெருக்கினால் 512இல் ஒன்று. ஆகவே 508 புள்ளி விழுந்த நாளில், மூன்று முறை சலித்த சராசரி இறங்குவது ஒரே ஒரு புள்ளி. டிரிக்ஸ் காட்டுவது மைனஸ் 0.04. வரலாற்றின் மிகப் பெரிய ஒருநாள் சரிவு நடந்த அன்று, இந்தக் கோடு லேசாகத் தலை குனிந்திருக்கும், அவ்வளவுதான்.

செவ்வாய் சந்தை ஏறுகிறது. டிரிக்ஸ் மைனஸ் 0.11. புதன் இன்னும் வேகமாக ஏறுகிறது. டிரிக்ஸ் மைனஸ் 0.16. சந்தை இரண்டு நாளில் 289 புள்ளியை மீட்டிருக்கும்போது கோடு இன்னும் வேகமாகக் கீழே போய்க்கொண்டிருக்கிறது. அதற்குப் பிறகு விலை அசையவே இல்லை என்று வைத்தால்கூட, கோடு தன் அடிமட்டத்தைத் தொடுவது சரிவுக்குப் பிறகு 11ஆவது வர்த்தக நாளில், அதாவது நவம்பர் 3ஆம் தேதி. கோட்டில் பிழை எதுவும் இல்லை. ஒரு நாள் அதிர்ச்சியை நம்பாதே என்றுதான் அதற்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். அது 2 சதவீத அதிர்ச்சி என்றாலும் சரி, 22 சதவீதம் என்றாலும் சரி, அதற்கு ஒரே விதிதான். எது இரைச்சல், எது செய்தி என்று பிரித்துப் பார்க்கும் அறிவு சல்லடைக்குக் கிடையாது. துளையின் அளவு மட்டும்தான் அதற்குத் தெரியும்.

கொடுத்த விலை

ஒவ்வொரு 15 நாள் சராசரியும் சராசரியாக 7 நாள் பின்தங்குகிறது. மூன்று சேர்ந்தால் 21. "15 நாளுக்குக் குறைவான அசைவுகளை டிரிக்ஸ் நீக்கிவிடும்" என்று சொல்வதுண்டு. அது உண்மைதான்: 15 நாள் அலையின் தினசரி மாற்றத்தில் 3 சதவீதம்தான் மிஞ்சுகிறது. ஆனால் 15 நாளைத் தாண்டியதும் எல்லாம் ஒழுங்காகத் தெரியும் என்று அதற்கு அர்த்தம் இல்லை. 60 நாள் அலையில்கூடப் பாதிதான் வந்து சேர்கிறது.

மோசமான பகுதி இந்த 60 நாள் அலைதான். விலை 60 நாள் சுழற்சியில் சீராக ஏறி இறங்குகிறது என்று வையுங்கள். உச்சியிலிருந்து அடிக்கு 30 நாள். டிரிக்ஸ் பூஜ்ஜியத்தைக் கீழ்நோக்கி வெட்டுவது உச்சிக்குச் சுமார் 18 நாள் கழித்து. அதற்குள் விலை நடுக்கோட்டைத் தாண்டிக் கீழே போய்விட்டது. அங்கே விற்கிறோம். அதேபோல வாங்கச் சொல்லும்போது விலை நடுக்கோட்டுக்கு மேலே இருக்கிறது. ஆக, ஒவ்வொரு சுற்றிலும் மேலே வாங்கிக் கீழே விற்கிறோம். கோடு வழவழப்பாக, நம்பிக்கை தரும்படி இருக்கும். பொய் சிக்னல் ஒன்றுகூட வராது. பணம் மட்டும் போய்க்கொண்டே இருக்கும். அலை 120 நாளாக நீளும்போது அதே முறை லாபம் தருகிறது. தாமதம் சுமார் 20 நாள் என்றாலும் உச்சியிலிருந்து அடிக்கு இப்போது 60 நாள் இருக்கிறதல்லவா.

இதைச் சார்ட்டிலேயே கண்டுபிடிக்கலாம். டிரிக்ஸ் பூஜ்ஜியத்தை வெட்டிய இடங்களிலிருந்து மேலே நேர்கோடு போட்டு, அன்றைய விலையைக் குறித்துக்கொண்டே போங்க. வாங்கிய புள்ளிகள் விற்ற புள்ளிகளைவிட உயரத்தில் தொடர்ந்து வந்தால், அந்தப் பங்கின் அசைவு நீங்கள் வைத்த நாள் எண்ணுக்குக் குறுகலாக இருக்கிறது. எண்ணைக் குறைத்தால் தாமதம் குறையும், இரைச்சல் திரும்ப வரும். இரண்டையும் ஒருசேரத் தவிர்க்க இந்தக் கருவியில் வழி இல்லை.

வரலாற்றில் ஒரு வேடிக்கை என்னவென்றால், மூன்று தடவை சலிப்பதை பிரவுனும் செய்தார், ஆனால் நேர் எதிரான காரணத்துக்காக. முதல் சலிப்பின் மூன்று மடங்கிலிருந்து இரண்டாவதின் மூன்று மடங்கைக் கழித்து, மூன்றாவதைக் கூட்டினால் பின்தங்கல் பெரும்பாலும் அடிபட்டுப் போகும். கடற்படைக் கிடங்குக்குத் தேவைப்பட்டது அதுதான்: தாமதமில்லாத கணிப்பு. 1994இல் பேட்ரிக் மலாய் ஹட்சனின் அதே இதழில் TEMA என்ற பெயரில் வெளியிட்டதும் இதே கூட்டல் கழித்தல்தான். ஹட்சன் அந்தத் திருத்தத்தைச் செய்யாமல் மூன்றாவது சலிப்பை அப்படியே எடுத்துக்கொண்டார். அதே மூன்று எண்களிலிருந்து ஒருவர் வேகத்தை எடுத்தார், இன்னொருவர் அமைதியை எடுத்தார். இப்போது மென்பொருள் பட்டியலில் TEMAவும் TRIXஉம் கிட்டத்தட்ட அடுத்தடுத்து நிற்கின்றன. எதைச் சொடுக்கினாலும், மற்றதில் கிடைப்பதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து சொடுக்கினால் சரி.