இருமும்போது தொடையிடுக்கில் வரும் வீக்கம்: ஹேர்னியாவை அடையாளம் காண்பது எப்படி?

என் மூத்த காக்கா ஊரில் பலசரக்குக் கடை நடத்துகிறார். வயது 54. 50 கிலோ அரிசி மூடையைத் தனியாகத் தோளில் ஏற்றிப் பழகியவர். ஒரு நாள் மஃரிபுக்குப் பிறகு என்னைக் கடைக்குள் கூப்பிட்டு, "தம்பி, இருமினா வலப்பக்கத் தொடையிடுக்கில ஒரு கட்டி தள்ளிட்டு வருது, தொட்டா நோகுது. படுத்தா இல்லாமப் போகுது. ஆருக்கும் சொல்லிராத" என்றார். அது தொடங்கி எட்டு மாதமாகியிருந்தது. வெட்கத்தில் மச்சிக்குக்கூட அவர் சொல்லவில்லை.

நான் வைத்தியன் அல்ல, பாடசாலை ஆசிரியன். ஆனால் காக்காவோடு வைத்தியசாலைக்குப் போனபோது கண்டதையும் சத்திரசிகிச்சை நிபுணர் விளக்கியதையும் இங்கே எழுதுகிறேன். காக்காவைப் போல் மறைத்துக்கொண்டிருப்பவர்கள் நம்மில் இன்னும் இருக்கிறார்கள்.

நிபுணர் முதலில் அவரைப் படுக்க வைக்கவில்லை. எழுந்து நிற்கச் சொன்னார். தொடையிடுக்கில் விரல்களை வைத்துக்கொண்டு, முகத்தை மறுபக்கம் திருப்பி இருமச் சொன்னார். இருமிய நொடியில் வீக்கம் விரல்களில் வந்து மோதியது. பிறகு படுக்கச் சொன்னார். வீக்கம் தானாக உள்ளே போய்விட்டது. "ஹேர்னியாதான், ஸ்கேன் தேவையில்லை" என்றார். பார்த்தும் தொட்டும் தெளிவாகாதபோதுதான் ஸ்கேன் எடுப்பார்களாம்.

காரணத்தையும் எளிமையாகச் சொன்னார். ஆண் குழந்தை கருவில் இருக்கும்போது விதைகள் வயிற்றுக்குள்ளிருந்து கீழே இறங்குகின்றன. அவை வந்த பாதை வயிற்றுச் சுவரில் ஒரு பலவீனமான இடமாக நின்றுவிடுகிறது. இருமும்போதும், மலம் கழிக்க முக்கும்போதும், பாரம் தூக்கும்போதும் வயிற்றுக்குள் அழுத்தம் கூடுகிறது. அப்போது குடலின் ஒரு பகுதியோ கொழுப்போ அந்த வழியால் வெளியே தள்ளப்படுகிறது. அதனால்தான் நீண்டநாள் இருமல், மலச்சிக்கல், சிறுநீர் கழிக்கச் சிரமம் உண்டா என்றும் காக்காவிடம் கேட்டார்கள்.

தொடையிடுக்கில் வரும் எல்லா வீக்கமும் ஹேர்னியா அல்ல. காலில் புண் வந்தால் அங்கே நெறி கட்டும். அதுவும் தொட்டால் நோகும். ஆனால் இருமினாலும் படுத்தாலும் அதன் அளவு மாறாது. விதைப்பையில் நீர் சேர்ந்தால் வீக்கம் பைக்குள்ளேயே இருக்கும். அதன் மேல் எல்லையை விரலால் பிடித்துவிடலாம். ஹேர்னியா விதைப்பைக்குள் இறங்கியிருந்தால் அப்படிப் பிடிக்க முடியாது, ஏனெனில் அது வயிற்றுக்குள்ளிருந்து தொடர்ந்து வருகிறது.

பெண்களுக்கும் ஹேர்னியா வரும். தொடையிடுக்கு மடிப்புக்குக் கீழே, தொடையின் மேற்பகுதியில் தோன்றும் ஒரு வகை பெண்களிடம்தான் அதிகம். அது சிறிதாக இருப்பதால் நெறி என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். குடல் இறுகிப்போகும் அபாயம் அந்த வகையில் கூடுதல். ஆகவே அது நோகாவிட்டாலும் காட்டிவிட வேண்டும்.

படுத்தால் உள்ளே போகும் ஹேர்னியாவில் ஒரு பாரமும் இழுவையும் மெல்லிய நோவும் இருக்கும். அதற்குக் கிளினிக் நாள் வரை பொறுக்கலாம். வழக்கமாக உள்ளே போகும் வீக்கம் ஒரு நாள் போகாமல் நின்று, இறுகிக் கடுமையாக நோவெடுத்தால் பொறுக்கக் கூடாது. வாந்தி வருவது, வயிறு ஊதுவது, காற்றும் மலமும் போகாமல் இருப்பது, வீக்கத்தின் மேல்தோல் சிவப்பது ஆகியவை குடல் நெரிபடுவதன் அடையாளங்கள். இரத்த ஓட்டம் நின்றால் சில மணித்தியாலங்களில் அந்தக் குடற்பகுதி அழுகிவிடும். எண்ணெய் தேய்த்துத் தடவுவதும் பலமாக அமுக்கி உள்ளே தள்ளுவதும் ஆபத்து. எதையும் உண்ணாமல் குடிக்காமல், இரவானாலும் வைத்தியசாலைக்குப் போய்விட வேண்டும்.

காக்கா ஒரு பெல்ட் வாங்கி எட்டு மாதமும் கட்டியிருந்தார். பெல்ட் வீக்கத்தை அமுக்கி வைக்குமே தவிர, சுவரில் உள்ள துவாரத்தை மூடாது. தொந்தரவு இல்லாத சிறிய ஹேர்னியா என்றால் சில ஆண்களைக் கண்காணிப்பில் வைப்பார்கள். காக்காவுக்கு நோவு இருந்ததாலும் தொழில் பாரம் தூக்குவது என்பதாலும் சத்திரசிகிச்சைக்குத் திகதி கொடுத்தார்கள். பலவீனமான இடத்தில் வலை ஒன்றை வைத்துத் தைத்தார்கள். மறுநாள் வீட்டுக்கு வந்துவிட்டார். ஆறு வாரத்துக்கு மூடை தூக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள்.

வைத்தியத் தேவைக்காக மறைவிடத்தை வைத்தியருக்குக் காட்டுவதை மார்க்கம் தடுக்கவில்லை. காக்காவுக்கும் அது தெரியும். ஆனாலும் எட்டு மாதம் ஒவ்வொரு இருமலுக்கும் கையை அந்த இடத்தில் வைத்துக்கொண்டே கடையில் நின்றிருக்கிறார். நிபுணரின் சோதனை முடிய ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.