பிறப்பிடச் சான்றிதழ்: சலுகைச் சுங்க வரிக்காக வழங்குநரிடம் கோருதல்

ஒரு சரக்கு எந்த நாட்டில் விளைந்தது அல்லது உற்பத்தியானது என்பதை ஏற்றுமதி நாட்டின் அதிகாரம் பெற்ற அமைப்பு உறுதிசெய்து தரும் ஆவணம் பிறப்பிடச் சான்றிதழ் எனப்படும். வணிக வழக்கில் இது சி.ஓ.ஓ. என்று சுருக்கி வழங்கப்படுகிறது. இரு நாடுகளுக்கிடையே வரிச் சலுகை உடன்பாடு இருக்குமானால், இறக்குமதியாளர் பொதுவாகத் தமக்குச் சரக்கு விற்கும் வெளிநாட்டு வழங்குநரிடமிருந்து இதைக் கேட்டுப் பெற்றுச் சுங்கத்துறையிடம் காட்டினால்தான் குறைந்த வரி வீதத்தைக் கோர முடியும். இப்படிக் கேட்பதன் பொருள் ஒரு நூற்றாண்டில் வெகுவாக மாறியிருக்கிறது. ஒரு தாளைக் கேட்பதாக இருந்த கோரிக்கை, இந்தியாவைப் பொறுத்தவரை, அந்தத் தாளுக்குப் பின்னுள்ள உற்பத்திக் கணக்கையும் கேட்பதாக விரிந்துவிட்டது.

பிரிட்டன் 1919-இல் பேரரசு நாடுகளின் பொருள்களுக்குக் குறைந்த வரி விதிக்கத் தொடங்கியபோதும், 1932-இல் ஒட்டாவா உடன்பாட்டின் வழியே இந்தியாவும் அந்த ஏற்பாட்டுக்குள் வந்தபோதும், சலுகை கோருபவரே சரக்கின் பிறப்பிடத்துக்கு ஆதாரம் காட்ட வேண்டும் என்ற நிலை உருவானது. இதற்கிடையே சான்றிதழ் கேட்கும் வழக்கம் வணிகத்துக்கு இடையூறாகப் பெருகிவந்ததால், 1923-இல் ஜெனீவாவில் கையெழுத்தான சுங்க நடைமுறை எளிமையாக்க ஒப்பந்தம் அத்தகைய கோரிக்கைகளைக் குறைக்க முயன்றதோடு, அரசு அலுவலகங்கள் மட்டுமன்றி அங்கீகாரம் பெற்ற பிற அமைப்புகளும் சான்றிதழ் வழங்கலாம் என்று ஏற்றுக்கொண்டது. வர்த்தக சபைகள் இன்றும் முத்திரையிட்டுத் தரும் பொதுச் சான்றிதழ் இந்த மரபைச் சேர்ந்ததே. அது பிறப்பிடத்தைச் சொல்லுமே தவிர, சலுகை உடன்பாடு எதற்கும் உரிய படிவம் அன்று. ஆகவே அதைக் காட்டி வரியைக் குறைக்க இயலாது. இறக்குமதியாளர் வெறுமனே ‘சி.ஓ.ஓ. அனுப்புங்கள்’ என்று எழுதியதால் வழங்குநர் இந்தப் பொதுச் சான்றிதழை அனுப்பிவிடுவது, இத்துறையில் அடிக்கடி நிகழும் பிழைகளுள் ஒன்று.

1968-இல் புது தில்லியில் கூடிய ஐக்கிய நாடுகள் வணிக வளர்ச்சி மாநாடு வளரும் நாடுகளின் ஏற்றுமதிக்குப் பொதுச் சலுகை முறை ஒன்றை ஏற்றது. ஐரோப்பியச் சமூகம் அதை 1971-இல் நடைமுறைப்படுத்தியது. ‘படிவம் ஏ’ என்ற சான்றிதழ் அந்த முறைக்கு உரியது. அக்காலத்தில் இந்திய நிறுவனங்கள் பெரும்பாலும் சான்றிதழ் கேட்கப்படும் இடத்தில் இருந்தன. 2000-க்குப் பின் அண்டை நாடுகளுடனும் தென்கிழக்காசியாவுடனும் தடையற்ற வணிக உடன்பாடுகள் பெருகியதால், அந்நிறுவனங்கள் சான்றிதழ் கேட்கும் இடத்துக்கும் வந்தன.

இவ்வுடன்பாடுகளுள் ஒன்று 1998 டிசம்பரில் கையெழுத்தாகி 2000 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த இந்திய–இலங்கை உடன்பாடு. வெளிநாட்டு மூலப்பொருள் கலந்த சரக்காயின், அதன் ஏற்றுமதி விலையில் குறைந்தது 35 விழுக்காடு இலங்கையில் கூட்டப்பட்ட மதிப்பாக இருக்க வேண்டும் என்பது அதன் விதி. கொழும்பிலுள்ள வணிகத் திணைக்களம் சான்றிதழ் வழங்கியது. சில ஆண்டுகளிலேயே, இலங்கையிலிருந்து, இறக்குமதி செய்த பாமாயிலில் தயாரான வனஸ்பதியும், வெளியிலிருந்து வந்த செப்புக் கழிவை உருக்கிய செப்புப் பொருள்களும் இந்தியாவுக்குள் பெருமளவில் வரத் தொடங்கின. சான்றிதழ்கள் முறையாகவே இருந்தன. அவற்றில் சொல்லப்பட்ட மதிப்புக் கூட்டல் உண்மையில் நிகழ்ந்ததா என்பதே இந்திய உற்பத்தியாளர்கள் எழுப்பிய வினா. முத்திரை மெய்யாக இருந்தும் உள்ளடக்கம் ஐயத்துக்குரியதாக இருக்கலாம் என்பதை இந்திய நிர்வாகத்துக்கு முதலில் உணர்த்திய நிகழ்வு இது என்று கொள்வது தவறாகாது.

இந்த ஐயத்துக்கான சட்ட விடை 2020-இல் வந்தது. அவ்வாண்டு நிதிச் சட்டம் 1962-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தில் 28டிஏ என்னும் பிரிவைச் சேர்த்தது. செப்டம்பர் 21 முதல் ‘கரோட்டார்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் விதிகள் நடைமுறைக்கு வந்தன. சான்றிதழைக் காட்டியதாலேயே இறக்குமதியாளரின் பொறுப்பு தீர்ந்துவிடாது என்பது இவற்றின் சாரம். சரக்கு எவ்வாறு பிறப்பிடத் தகுதி பெற்றது என்ற விவரத்தை அவர் முதலாம் படிவத்தில் திரட்டி, பில் ஆஃப் என்ட்ரி தாக்கல் செய்த நாளிலிருந்து ஐந்தாண்டுகள் வைத்திருக்க வேண்டும். சுங்க அதிகாரி ஐயுற்றுக் கேட்டால் பத்து வேலை நாள்களுக்குள் கொடுக்க வேண்டும். அந்த விடை போதாதெனில் ஏற்றுமதி நாட்டின் அதிகாரிகளிடம் சரிபார்ப்புக் கோரப்படும். அதுவரை வரி வேறுபாட்டுக்கு ஈடான பிணையம் கட்டியே சரக்கை விடுவிக்க முடியும். காலாவதியான சான்றிதழ், வழங்கிய அதிகாரி உறுதிசெய்யாத திருத்தம் உள்ள சான்றிதழ் போன்றவற்றைச் சரிபார்ப்பின்றியே நிராகரிக்கலாம்.

வழங்குநரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பது ஒரு கணக்கைப் பார்த்தால் விளங்கும். இந்திய–ஆசியான் உடன்பாட்டின் பொது விதிப்படி, கப்பலில் ஏற்றுவது வரையிலான விலையாகிய எஃப்.ஓ.பி. மதிப்பில் உடன்பாட்டு நாடுகளின் பங்கு 35 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. வெளியிலிருந்து வந்த மூலப்பொருளின் ஆறிலக்க எச்.எஸ். எண்ணும் முடிந்த சரக்கின் எண்ணும் வேறாக இருக்க வேண்டும். கோயம்புத்தூரில் பம்பு செய்யும் ஒருவர் தாய்லாந்திலிருந்து மின்மோட்டார் வாங்குவதாகக் கொள்ளலாம். விலை 100 டாலர். அதில் சீனப் பாகங்கள் 62 டாலர். பாகங்கள் 8503 என்ற தலைப்பிலும் மோட்டார் 8501 என்ற தலைப்பிலும் அடங்குவதால் எண் மாற்றம் நிறைவேறுகிறது. உடன்பாட்டுப் பங்கும் 38 விழுக்காடு என்பதால் சலுகை உண்டு. பேரம் பேசி விலையை 92 டாலராகக் குறைத்தால், பாகங்களின் விலை மாறாத நிலையில், வெளிப்பங்கு 67.4 விழுக்காடாக உயர்ந்து, உடன்பாட்டுப் பங்கு 32.6 ஆகத் தாழ்கிறது. மோட்டாரில் ஒரு திருகும் மாறவில்லை. ஆனால் அதன் பிறப்பிடத் தகுதி போய்விட்டது. இக்கணக்கில் எல்லை ஏறத்தாழ 95.4 டாலர். பழைய விலைக்குத் தயாரித்த செலவுக் கணக்கையே புதிய ஆர்டருக்கும் வழங்குநர் பயன்படுத்தினால் இந்தச் சரிவு சான்றிதழில் தெரியாது, சரிபார்ப்பில்தான் வெளிப்படும்.

ஆகவே அனுபவமுள்ள இறக்குமதியாளர் கொள்முதல் ஆணை எழுதுமுன்னரே, எந்த உடன்பாட்டின் படிவம் தேவை (ஆசியானுக்கு ‘படிவம் ஏஐ’), எந்த எச்.எஸ். எண், எந்தத் தகுதி விதி, வெளிப் பொருள்களின் மதிப்பு எவ்வளவு, சரக்கு நேரே வருமா வேறு துறைமுகம் வழியா என்பவற்றைக் கேட்டு எழுத்தில் பெறுகிறார்; ஆவணப் பட்டியலில் சான்றிதழின் வகையையும் குறிப்பிடுகிறார். செலவு விவரம் தர வழங்குநர் தயங்குவது இயல்பு, ஏனெனில் அது வாங்குபவருக்கு அவரது இலாபத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். தொகைகளை மறைத்து விழுக்காட்டை மட்டும் தருவது இதற்குப் பலரும் கைக்கொள்ளும் நடுவழி. விரிவான கணக்கைத் தம் நாட்டு அதிகாரிகளிடமே காட்டுவேன் என்று வழங்குநர் சொன்னால், இறக்குமதியாளர் சரிபார்ப்பு முடியும்வரை பிணையத்தோடு காத்திருக்க ஆயத்தமாக வேண்டும்.

புதிய உடன்பாடுகள் சில, ஏற்றுமதியாளரே தம் பொறுப்பில் எழுதித் தரும் சுய அறிவிப்பையும் ஏற்கின்றன. அதற்கு இடமளிக்க 2024-இல் 28டிஏ பிரிவும், 2025 மார்ச்சில் கரோட்டார் விதிகளும் திருத்தப்பட்டு, ‘சான்றிதழ்’ என்றிருந்த இடத்தில் ‘பிறப்பிட ஆதாரம்’ என்ற விரிந்த சொல் இடம்பெற்றது. இவ்வகை அறிவிப்புகளில் இடையே எந்த அலுவலகமும் கணக்கைப் பார்ப்பதில்லை என்பதால், வழங்குநரின் உற்பத்திப் பதிவேடுகளைத் தவிர இறக்குமதியாளருக்கு வேறு பிடிமானம் இல்லை.