இரண்டு தலைப்புகள் இடம் மாறிய கதை: கர்னாஃப் வரைபடம்

பூலியன் இயற்கணிதத்தைக் கொண்டு மின்சுற்றுகளை வடிவமைக்கலாம் என்பதை 1938இல் வெளியான கட்டுரையில் கிளாட் ஷானன் நிறுவினார். ஒரு சுற்றின் வெளியீட்டை அந்நேரத்து உள்ளீடுகள் மட்டுமே தீர்மானிக்குமாயின் அது சேர்மானச் சுற்று. அதன் உண்மை அட்டவணையிலிருந்து ஒரு கோவையை எழுதுவது எளிது. அக்கோவையைச் சுருக்குவதே கடினம். ஒவ்வோர் உறுப்பும் ஒரு ரிலேயாகவோ வெற்றிடக் குழாயாகவோ டையோடாகவோ மாறிய அக்காலத்தில், நீக்கத் தவறிய ஓர் உறுப்பு செலவாகவும் பழுதாகவும் வந்து நின்றது. விதிகளைக் கொண்டு சுருக்குபவருக்கோ, இனிமேல் சுருங்காது என்று அறிய வழி இல்லை.

1952 மே மாதம் பிட்ஸ்பர்க் நகரில் நடந்த ஏ.சி.எம். கூட்டத்தில் எட்வர்ட் வீட்ச் ஒரு கட்டப்பட முறையை முன்வைத்தார். உண்மை அட்டவணையின் ஒவ்வொரு வரிசையும் அதில் ஒரு கட்டம். கட்டங்களின் தலைப்புகள் இயல்பான இரும எண் வரிசையில், 00, 01, 10, 11 என அமைந்தன. மறு ஆண்டில் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த மாரிஸ் கர்னாஃப் தம் கட்டுரையில் அவ்வரிசையை 00, 01, 11, 10 என மாற்றினார். இறுதி இரண்டும் இடம் மாறின, அவ்வளவே.

அம்மாற்றத்தின் பொருள் இது. சுருக்கத்துக்கு அடிப்படையான விதி XY + XY' = X. ஒரே ஒரு மாறியில் வேறுபடும் இரு உறுப்புகள் சேரும்போது அம்மாறி மறைகிறது. 01, 10 ஆகியவை இரு இடங்களில் வேறுபடுபவை. அவற்றை அருகருகே வைத்தால் கண் பொய் சொல்லும். கர்னாஃபின் வரிசையில் அண்டைத் தலைப்புகள் ஒரே இடத்தில்தான் வேறுபடும். இறுதியிலுள்ள 10உம் முதலிலுள்ள 00உம் அவ்வாறே. அதே ஆய்வகத்தின் ஃபிராங்க் கிரே 1947இல் விண்ணப்பித்து 1953இல் பெற்ற காப்புரிமையிலும் இவ்வரிசையே அமைந்திருந்தது.

ஏழு கோட்டு எண்காட்டியின் இடப்பக்கக் கீழ்க்கோட்டை எடுத்துக்கொள்ளலாம். e எனப்படும் அக்கோடு 0, 2, 6, 8 ஆகிய இலக்கங்களுக்கு மட்டும் ஒளிரும். இலக்கம் A, B, C, D என்னும் நான்கு பிட்டுகளாக வருகிறது. 10 முதல் 15 வரையிலான குறிகள் வருவதில்லை. அவை X என்னும் டோன்ட் கேர் நிலைகள்.

```
AB\CD  00  01  11  10
00      1   0   0   1
01      0   0   0   1
11      X   X   X   X
10      1   0   X   X
```

வலக்கடை நெடுவரிசை முழுவதையும் ஒரு குழுவாக்கலாம். அதில் மாறாதவை C, D' மட்டுமே. நான்கு மூலைகளும் மற்றொரு குழு. அங்கு மாறாதவை B', D'. ஆகவே

```
e = CD' + B'D'
```

நான்கு மாறிகள் கொண்ட நான்கு உறுப்புகள், இரு மாறிகள் கொண்ட இரண்டாகக் குறைந்தன. A முற்றாக மறைந்தது. தலைப்புகளை வீட்சின் வரிசையில் எழுதினால் 0, 2, 8, 10 ஆகிய கட்டங்கள் இடையில் ஒரு கட்டம் விட்டுச் சிதறிக் கிடக்கும். இக்குழு கண்ணில் படாது.

தேர்வுத்தாள்களில் இன்றும் காணப்படும் பிழை, தலைப்புகளை எண்ணும் வரிசையிலேயே எழுதிவிடுவது. குழுவிலுள்ள எந்த அண்டை இரு கட்டங்களின் தலைப்புகளையும் ஒப்பிட்டால் அது வெளிப்படும்: ஒரு பிட்டுக்கு மேல் மாறினால் வரைபடமே பிழை.

டோன்ட் கேருக்கும் ஒரு விலை உண்டு. X இருந்த கட்டத்தைக் குழுவில் சேர்த்த கணமே அது 1 ஆகிவிடுகிறது. விடப்பட்டது 0 ஆகிறது. பழுதினால் 1110 வந்தால் e ஒளிரும். 1100 வந்தால் ஒளிராது. 'வராது' என்ற உறுதியின் மேல்தான் இச்சிக்கனம் நிற்கிறது.

1களின் குழுக்கள் காட்டாதவையும் உள்ளன. அவை தருவது பெருக்கல்களின் கூட்டல் வடிவம். e = D'(B' + C) என்று பொதுக்காரணி எடுத்து ஒரு வாயிலைக் குறைக்கலாம் என்பதை அவை சொல்லா; 0களைக் குழுவாக்கினால்தான் அவ்வடிவம் கிடைக்கும்.

பெரிய எல்லை வடிவியலில் இருக்கிறது. n மாறிகள் இருந்தால் ஒவ்வொரு கட்டத்துக்கும் n அண்டைகள் வேண்டும். தாளில் ஒரு சதுரத்துக்குப் பக்கங்கள் நான்குதான். ஐந்தாம் மாறிக்கு இரண்டாவது வரைபடத்தை வரைந்து, ஒன்றின் மேல் ஒன்றாகக் கற்பனை செய்ய வேண்டும். ஆறுக்கு மேல் கண் கைவிட்டுவிடும். 1952இல் குவைன் முன்வைத்து, 1956இல் மெக்கிளஸ்கி விரித்த அட்டவணை முறை இங்குதான் தேவையானது. அதுவும் ஒரு பிட்டில் வேறுபடும் உறுப்புகளையே இணைக்கிறது. ஆனால் அண்டையைக் கண்ணால் தேடாமல், உறுப்புகளிலுள்ள 1களை எண்ணி வகைப்படுத்தித் தேடுகிறது. அதனாலேயே கணினி நிரலாக எழுத அது ஏற்றதாயிற்று.