பொட்டுலிச நஞ்சும் டப்பா உணவின் சூடும்

பொட்டுலிசம், குளோஸ்டிரிடியம் பொட்டுலினம் என்ற மண்வாழ் பாக்டீரியா சுரக்கும் நஞ்சால் வருவது. நரம்பிலிருந்து தசைக்குப் போகும் கட்டளையை அந்த நஞ்சு தடுத்துவிடும். முதலில் இமை சரியும், பார்வை இரண்டாகத் தெரியும். பிறகு மூச்சுத் தசைகள் ஓயும். 1895-இல் பெல்ஜியத்தின் எல்லெசெல் ஊரில் உப்பிட்ட பன்றித் தொடையை உண்டவர்கள் நோயுற்றபோது, எமில் வான் எர்மென்கெம் இந்தப் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். காற்றில்லாத இடத்தில்தான் அது வளரும் என்றும் கண்டார். டப்பாவுக்குள் நடக்கும் விபரீதத்துக்கு விளக்கம் இங்கேதான் இருக்கிறது. அரைகுறையாக வேகவைத்து மூடும்போது போட்டிக்கு இருந்த மற்றக் கிருமிகள் சாகின்றன, காற்றும் வெளியேறுகிறது. தடித்த உறைக்குள் உறங்கும் ஸ்போர் மட்டும் பிழைத்து, அறை வெப்பத்தில் முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்குகிறது. டப்பா உப்பலாம், நாற்றம் வரலாம். இரண்டும் இல்லாமலும் நஞ்சு இருக்கலாம்.

நஞ்சு கொதியில் சிதைந்துவிடுமே, உண்ணும்முன் சுடவைத்தால் போதாதா என்று கேட்கலாம். பத்து நிமிடக் கொதி நஞ்சை அழிக்கும் என்பது உண்மைதான். ஆனால் திறந்ததும் ருசி பார்க்கும் ஒரு விரல் நுனியே ஆபத்து. ஆகவே தொழிற்சாலை நஞ்சைக் கணக்கில் கொள்வதில்லை, ஸ்போரைத்தான் கொள்கிறது. 1919-20-இல் டப்பாவில் அடைத்த கலிபோர்னிய ஆலிவ் காய்களால் அமெரிக்காவில் பலர் இறந்த பிறகு ஆய்வாளர்கள் எஸ்டியும் மேயரும் ஸ்போரின் தாங்குசக்தியை அளந்து, 1922-இல் வெளியிட்டார்கள். 100 டிகிரியில் ஸ்போரைக் கொல்ல 330 நிமிடம் வேண்டும். 121 டிகிரியிலோ மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். லட்சம் கோடி ஸ்போர்களில் ஒன்று மிஞ்சும் அளவுக்குக் குறைப்பதே அந்த மூன்று நிமிடத்தின் பொருள். இது மிகை என்பாருண்டு. கோடிக்கணக்கில் டப்பா விற்கும் தொழிலுக்கு இது மிகையல்ல.

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலையில் இந்தக் கணக்கு இன்னும் கடுமையாகும். ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். சூடு பத்து டிகிரி குறைந்தால் ஸ்போரைக் கொல்லும் நேரம் பத்து மடங்காகும் என்பதால், மூன்று டிகிரிக் குறைவே நேரத்தை இரட்டிக்கும். 330 நிமிடம் பதினொரு மணி நேரமாகிவிடும். விறகு எவ்வளவு எரித்தாலும் திறந்த பானையில் சூடு ஏறாது, அழுத்தம்தான் ஏற்றும். வீட்டுக் குக்கர் கடல்மட்டத்தில் 121 டிகிரியை நெருங்கும் என்றாலும், அதே வெயிட் மலையில் ஒன்றரை டிகிரி குறைவாகவே தரும். அதைவிடப் பெரிய சிக்கல், குக்கருக்குள் மிஞ்சும் காற்றும், கெட்டியான குழம்பு நிறைந்த பாட்டிலின் நடுப்பகுதி தாமதமாகச் சூடேறுவதும்தான். கணக்கு அந்த நடுப்பகுதிக்குத்தான், ஆவிக்கு அல்ல.

அப்படியானால் மலையில் புளியும் நெல்லிக்காயும் காலங்காலமாகப் பத்திரமாக இருப்பது எப்படி? அவற்றில் அமிலத்தன்மை pH 4.6-க்குக் கீழே இருப்பதால் ஸ்போர் முளைப்பதில்லை. அவற்றுக்குச் சாதாரணக் கொதி போதும். காளான், பீன்ஸ், கறி ஆகியவற்றுக்கு அந்தச் சலுகை கிடையாது.