வகுப்பறை வினா: மனனத்திலிருந்து சிந்தனைக்கு

ஆசிரியர் தமக்கு விடை தெரிந்த ஒன்றையே மாணவரிடம் கேட்பது வகுப்பறை வினாவின் இயல்பு. 13ஆம் நூற்றாண்டு நன்னூலில் பவணந்தி முனிவர் வகுத்த ஆறு வினாக்களுள் முதலாவதான அறிவினா இதுவே. யாழ்ப்பாணத்தில் கற்பித்தலுக்கான வினாவும் விடையும் 19ஆம் நூற்றாண்டில் அச்சு நூல்களாகப் பரவின. மிசனரிகளின் வினாவிடைப் புத்தகங்களுக்கு மாற்றாக ஆறுமுக நாவலர் (1822–1879) சைவ வினாவிடையை எழுதினார். சமய அடிப்படையைச் சிதையாமல் பிள்ளைகளின் மனத்தில் பதிக்க அந்த வடிவம் மிகப் பொருத்தமானது. ஆனால் விடையும் அச்சிலேயே இருப்பதால் மாணவர் தாமாக எதையும் முடிவுசெய்ய இடமில்லை.

1956இல் பெஞ்சமின் புளூம் குழுவினர் கற்றலை ஆறு நிலைகளாகப் பிரித்தபின், “என்ன?” தாழ்ந்தது, “ஏன்?” உயர்ந்தது என்ற எளிய கணக்கு ஆசிரியர் மத்தியில் பரவியது. அது தவறு. காரணத்தை நேற்றே குறிப்பாகச் சொல்லி எழுதவைத்திருந்தால், இன்று கேட்கும் “ஏன்?” வெறும் ஞாபகச் சோதனைதான். எல்லாப் பிள்ளைகளும் ஒரே சொற்களில் விடை சொல்வது அதற்கு அடையாளம்.

நெடுந்தீவின் கிணறுகளை எடுத்துக்கொள்வோம். நல்ல தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றால் மழை என்பார்கள், இது நினைவு. சுற்றிலும் கடல் இருக்கக் கிணற்றுநீர் ஏன் உப்பாகவில்லை என்றால், சுண்ணாம்புக்கல்லுள் இறங்கிய மழைநீர் அடர்த்தி குறைந்ததால் உவர்நீரின் மேல் மிதக்கிறது என்று விளக்க வேண்டும். அடுத்து: கோடையில் கிணறு சவர்க்கத் தொடங்கினால், இன்னும் ஆழமாகத் தோண்டலாமா? “தோண்டினால் தண்ணீர் கூடும்” என்றே பலருக்கும் முதலில் தோன்றும். முன் சொன்ன விளக்கம் புரியாமல் வாயில் மட்டும் இருந்ததா என்பது இங்கே வெளிப்படும். புரிந்தவர், தோண்டுவது உவர்நீரை நெருங்குவதே என்பார். பம்ப் போட்டு வேகமாக இறைத்தாலும் கீழிருந்து உவர்நீர் மேலேறும் என்று தாமே சேர்ப்பார்.

இவ்வகை வினாவுக்கு மௌனம் தேவை. ஆசிரியர்கள் கேட்டபின் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், மூன்று விநாடி பொறுத்தாலே விடைகள் நீளமாகவும் காரணத்தோடும் வருகின்றன என்றும் 1970களில் மேரி பட் ரோ காட்டினார். பெயரைச் சொல்லிவிட்டு வினாவைக் கேட்டால் மற்றவர்கள் யோசிப்பதை விட்டுவிடுவார்கள். ஆகவே வினா முதலில், இடைவெளி அடுத்து, பெயர் கடைசியில்.

பரீட்சை நினைவைத்தானே கேட்கிறது, பாடத்திட்டம் முடிய வேண்டாமா என்ற மறுப்பில் நியாயம் உண்டு. ஒவ்வொரு பாடத்திலும் இப்படிக் கேட்க நேரமில்லை, கேட்கவும் வேண்டியதில்லை. மழை, சுண்ணாம்புக்கல், அடர்த்தி ஆகியவை நினைவில் இல்லாத பிள்ளையால் மூன்றாம் வினாவைத் தொடவே முடியாது என்பதால், மனனத்தைக் கைவிடச் சொல்வதும் பிழை. பாடத்துக்கு ஒரு நல்ல வினாவை முன்கூட்டியே எழுதிவைத்தால் போதும். ஒருமுறை விடை பேசப்பட்டதும் அந்த வினாவும் நினைவுவினாவாகிவிடும் என்பதுதான் கவனிக்க வேண்டிய வரம்பு. அப்போது சூழலை மாற்ற வேண்டும்: கோடையில் வரும் நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாவுக்குத் திரளும் அடியார்களுக்கு, தீவின் கிணறுகளை மட்டும் நம்பித் தண்ணீர் கொடுக்கலாமா?